ரப்பர் கிழிந்ததா, தேய்ந்ததா: இரண்டு முறை எழுதப்பட்ட ஒரு வாரண்டிக் கடிதம்

சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் புளோக்கிலேயே இருக்கும் அக்கா ஒருவர் போன வருஷம் மே மாதத் தொடக்கத்தில் கைப்பேசியை நீட்டி, “தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க” என்றார். வாஷிங் மெஷின் நிறுவனத்திடமிருந்து வந்திருந்த பதில் அது. நீங்கள் அனுப்பிய படத்தில் கதவு ரப்பருக்குள் நாணயம் ஒன்று தெரிகிறது, வெளிப்பொருளால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது, ரப்பரை மாற்ற 214 வெள்ளி ஆகும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “அந்தக் காசை நாங்கதான் வச்சோம் தம்பி. கிழிசல் எவ்வளவு பெரிசுன்னு காட்டறதுக்காக மகன் வச்சான்.”

வீட்டு மின்பொருள் சர்வீஸ் சென்டர் ஒன்றில் வாரண்டிக் கோரிக்கைகளைப் பார்க்கும் மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் படம் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் நிராகரித்திருப்பேன். அதனால்தான் இந்த வழக்கை முழுதாக எழுதி வைக்கிறேன். அக்கா பொய் சொல்லவில்லை, நிறுவனமும் ஏமாற்றப் பார்க்கவில்லை. ஆனாலும் பழுதான மெஷினுக்குப் பணம் கட்டச் சொல்லி பதில் வந்தது. தவறு கடிதத்திலும் படங்களிலும் இருந்தது.

மெஷின் முன்பக்கம் கதவுள்ள வகை, 8 கிலோ. 2024 மார்ச் 8 அன்று வீட்டுக்கு வந்தது. வாரண்டி இரண்டு வருஷம், மோட்டாருக்கு மட்டும் பத்து வருஷம். 2025 ஏப்ரல் நடுவில் கதவுக்குக் கீழே தரையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கைப்பிடித் துணியால் துடைக்கும் அளவு, இரண்டு வாரத்தில் ஒரு மாப் நனையும் அளவு. கதவைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பரின் அடிப்பகுதியில் ஒரு பிளவு. மகன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்து, நான்கு வரியில் கோபமாக ஒரு செய்தி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதற்கு வந்த பதில்தான் இது.

முதல் கோரிக்கையில் நாணயத்தைத் தவிர இன்னொரு தவறும் இருந்தது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை கடிதம் எழுதியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. தொடர் எண் தப்பு.

இந்த வகை மெஷினில் லேபிள் பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் பின்பக்கம். பளபளக்கும் வெள்ளித் தாளில் சின்ன எழுத்து. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் எண்ணின் நடுப்பகுதி வெள்ளையாக வெளுத்திருந்தது. மகன் ஊகித்து அடித்துவிட்டான். எண்ணை இங்கே மாற்றித்தான் தருகிறேன், ஆனால் குழம்பிய இடங்கள் அப்படியே இருக்கின்றன:

```
லேபிளில்:      4C08B7Q01586
செய்தியில்:    4C0887001586
```

B என்பது 8 ஆகிவிட்டது, Q என்பது 0 ஆகிவிட்டது. நிறுவனத்தின் கணினியில் அப்படி ஒரு மெஷினே இருக்காது. கோரிக்கை மேசையில் இருப்பவருக்கு அப்போது என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பதிவில் இல்லாத எண், படத்தில் ஒரு காசு. அவர் அடுத்த கோரிக்கைக்குப் போய்விடுவார்.

லேபிளை எப்படி எடுத்தோம் என்று சொல்கிறேன். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கை லேபிளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் பளபளப்பு விலகி எழுத்து மேலெழும்பித் தெரியும். ஒரு படம் லேபிள் முழுவதும், கதவின் ஓரமும் சேர்ந்து தெரியும்படி. லேபிள் இந்த மெஷினில்தான் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இன்னொன்று எண்ணை மட்டும் நெருக்கமாக. பிறகு ஒருவர் லேபிளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இன்னொருவர் எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். 0-O, 8-B, 5-S, 1-I ஆகிய இடங்களில் கண் எளிதாக ஏமாறும். சந்தேகம் வந்தால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்கோடு லேபிளில் அதே எண்ணைப் பார்க்கலாம். அக்கா வீட்டில் பெட்டி இல்லை, ஆனால் டெலிவரி ரசீதில் எண் இருந்தது. ஒத்துப்போனது.

இப்போது கிழிசலுக்கு வருகிறேன். இதுதான் இந்த வழக்கின் உயிர்.

கதவு ரப்பர் சுழலாது. அது வெளித்தொட்டியில் மாட்டியிருக்கும், சுழல்வது உள்ளே இருக்கும் எஃகு டிரம் மட்டும். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. ஊசி, கொண்டை ஊசி, உள்ளாடைக் கம்பி மாதிரி ஒன்று ரப்பரைக் குத்தினால் அந்த இடம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஓரம் கூர்மையாக, இரண்டு பக்கமும் ரப்பரின் தடிமன் குறையாமல் இருக்கும். விரலால் இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் பொருந்திவிடும். தேய்ந்து பிளந்த ரப்பர் வேறு மாதிரி. பிளவுக்கு முன்பே ரப்பர் மெலிந்து காகிதம் போல் ஆகியிருக்கும், ஓரம் பிசிறுபிசிறாக இருக்கும், சேர்த்தால் பொருந்தாது, நடுவில் ரப்பர் இல்லாமலே போயிருக்கும். போன ரப்பர் கருஞ்சாம்பல் பொடியாக மடிப்புக்குள் படிந்திருக்கும்.

அக்கா வீட்டில் கதவைத் திறந்து, விரலை மடிப்புக்குள் விட்டு எடுத்தேன். விரல் நுனி பென்சில் சீவிய பொடி மாதிரி கறுத்திருந்தது. பிளவின் ஓரத்தைத் தொட்டால் பழைய பலூனைத் தொட்டது போல மெலிவு. அதற்கு நேர் எதிரே டிரம் விளிம்பில், சுற்றிலும் மங்கலாக இருந்த எஃகில் ஒரு பட்டை மட்டும் கண்ணாடி போல மினுங்கியது. குத்திக் கிழித்த பொருள் எதுவும் அங்கே இல்லை. டிரம் ரப்பரை உரசியிருக்கிறது.

டிரம் ஏன் உரச வேண்டும்? டிரம்மைத் தாங்குவது பின்னால் இருக்கும் பேரிங். பேரிங்குக்கு முன்னால் ஒரு சீல் இருக்கும். சீல் கசிந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கரைத்து துருவை உண்டாக்கும். பேரிங் தளர்ந்தால் டிரம்மின் முன்பக்கம் தன் கனத்தில் தாழும். தாழ்ந்த டிரம் ரப்பரின் அடிப்பகுதியில் உரசும். அதனால்தான் சேதம் கீழே மட்டும் இருக்கிறது, மேலே ரப்பர் புதிது போல இருக்கிறது.

ஆனால் இங்கே நிதானம் வேண்டும். மடிப்புக்குள் விழுந்த காசும் கீழேதான் தங்கும். ஆகவே ‘கீழே கிழிந்திருக்கிறது’ என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. பல மாடல்களில் ரப்பரின் மேல்பக்க இடைவெளியும் கீழ்ப்பக்க இடைவெளியும் வடிவமைப்பிலேயே சமமாக இருக்காது. அதையும் ஆதாரம் என்று சொல்ல முடியாது. பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, டிரம் விளிம்பின் உள்ளே மேல்பக்கத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்க வேண்டும். டிரம்மும் ரப்பரும் தொட்டியும் ஒன்றாக அசைந்தால் அது ஸ்பிரிங்கின் ஆட்டம், சரிதான். ரப்பர் அப்படியே நிற்க டிரம் மட்டும் மேலே போய், ‘டொக்’ என்று ஓர் அடி விழுந்தால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. அக்கா வீட்டில் டொக் என்றது. மகனை வீடியோ எடுக்கச் சொன்னேன்.

அப்புறம் நம் பக்கத்துக்கு எதிராகப் போகக்கூடியதையும் பார்த்துவிட வேண்டும் என்று சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. “நாமளே நமக்கு எதிரா தேடணுமா?” ஆமாம் அக்கா, டெக்னீஷியன் வந்தால் முதலில் அதைத்தான் திறப்பார் என்றேன். கீழே இருக்கும் பம்ப் வடிகட்டியைத் திறந்தோம். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு உருண்டை பஞ்சு. உலோகம் எதுவும் இல்லை. டிரம் விளிம்பு முழுவதும் பழைய பருத்தித் துணியை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நூல் மாட்டவில்லை. அதாவது விளிம்பில் பிசிறு இல்லை. இரண்டையும் படம் எடுத்தோம், பொத்தானையும் சேர்த்து.

அளவு காட்ட இந்த முறை தையல் டேப் வைத்தோம். பிளவு 42 மில்லிமீட்டர். ஒரு வெள்ளி நாணயத்தின் குறுக்களவு 24.65 மில்லிமீட்டர். மகன் அதை வைத்ததில் தப்பில்லை, அளவு சரியாகவே தெரிந்திருக்கும். ஆனால் மெஷினுக்குள் இருக்கக்கூடாத ஒரு பொருளை மெஷினுக்குள் வைத்துப் படம் எடுக்கக் கூடாது. அளவுகோல் அளவுகோலாகவே தெரிய வேண்டும்.

நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் போன கடிதத்தின் தமிழ் வடிவம் கீழே. மாடல் எண்ணையும் முகவரியையும் விட்டுவிட்டேன்.

> வணக்கம்.
>
> பொருள்: வாரண்டியின் கீழ் பழுதுபார்க்கக் கோரிக்கை. வாஷிங் மெஷின், தொடர் எண் 4C08B7Q01586. டெலிவரி 8.3.2024, வாரண்டி முடிவு 7.3.2026.
>
> 28.4.2025 அன்று அனுப்பிய செய்தியில் தொடர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டோம். சரியான எண் மேலே உள்ளது. லேபிளின் படம் 1, 2, டெலிவரி ரசீதின் படம் 3.
>
> அந்தச் செய்தியோடு அனுப்பிய படத்தில் இருந்த ஒரு வெள்ளி நாணயம், கிழிசலின் அளவைக் காட்ட நாங்கள் வைத்தது. அது மெஷினுக்குள் கிடந்ததல்ல. தயவுசெய்து அந்தப் படத்துக்குப் பதிலாக இப்போது இணைத்துள்ளவற்றைப் பாருங்கள்.
>
> ஏப்ரல் நடுவிலிருந்து ஒவ்வொரு துவைப்பின்போதும் கதவின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கசிகிறது. வேகமாகப் பிழியும்போது பின்பக்கத்திலிருந்து உருளும் சத்தம் வருகிறது. ஏப்ரல் 29க்குப் பிறகு மெஷினை ஓட்டவில்லை.
>
> படம் 4: கதவு ரப்பரின் அடியில், கடிகார முள் 5-க்கும் 7-க்கும் நடுவில், 42 மி.மீ. பிளவு. ஓரங்கள் மெலிந்து பிசிறாக உள்ளன. படம் 5: அதே மடிப்பில் ரப்பர் பொடி. படம் 6: பிளவுக்கு எதிரே டிரம் விளிம்பில் பளபளப்பான உரசல் பட்டை. படம் 7: ரப்பரின் மேல்பகுதி, சேதம் இல்லை. படம் 8: பம்ப் வடிகட்டியில் இருந்தவை, ஒரு பொத்தானும் பஞ்சும். வீடியோ 9: மின்சாரம் துண்டித்தபின் டிரம்மைக் கையால் தூக்கும்போது ரப்பர் அசையாமல் டிரம் மட்டும் அசைகிறது.
>
> ரப்பர் வெட்டுப்பட்டதாக இல்லாமல் டிரம் உரசித் தேய்ந்ததாகத் தெரிகிறது. டிரம் பேரிங்கில் ஆட்டம் இருக்கக்கூடும். இதை உறுதிசெய்ய வேண்டியது உங்கள் டெக்னீஷியன். அவர் எங்கள் முன்னிலையில் பேரிங்கைச் சோதித்து, கண்டதை சர்வீஸ் அறிக்கையில் எழுதித் தரும்படி கேட்கிறோம். பேரிங்கில் பழுது இருந்தால் அதையும், அதனால் சேதமான ரப்பரையும் வாரண்டியின் கீழ் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும்.
>
> 19.5.2025-க்குள் வருகைக்கான நாளைத் தெரிவிக்கவும். மாற்றும் பாகங்களை எங்களிடமே விட்டுச் செல்லவும்.

இந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று, படத்தில் தெரிவதும் அதிலிருந்து நாம் ஊகிப்பதும் தனித்தனிப் பத்தியில் இருக்கின்றன. ‘ஓரங்கள் மெலிந்து பிசிறாக உள்ளன’ என்பதைப் படத்தைப் பார்க்கும் யாரும் மறுக்க முடியாது. ‘பேரிங்கில் ஆட்டம் இருக்கக்கூடும்’ என்பதை மறுக்கலாம், ஆனால் மறுக்க வேண்டுமானால் ஆள் வந்து பார்த்தாக வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான். அக்காவின் மகன் ‘பேரிங் போய்விட்டது, இது தயாரிப்புக் கோளாறு’ என்று எழுதச் சொன்னான். அப்படி எழுதினால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில் ஏறும். எதிர்த்தரப்புக்கும் அதையே பிடித்துக்கொண்டு விவாதம் செய்ய வாய்ப்பு கிடைக்கும்.

இன்னொன்று, கடிதத்தில் சட்டம் இல்லை. அக்காவின் தோழி ஒருவர் ‘லெமன் சட்டம்’ என்று எழுதினால் பயப்படுவார்கள் என்று சொல்லியிருந்தார். அந்தப் பெயரில் நாம் சொல்வது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டத்தின் ஒரு பகுதி. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வரும்போதே இருந்த பழுது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். ஆறு மாதம் தாண்டினால் உரிமை போய்விடாது, ஆனால் அந்தச் சலுகை போய்விடும், வாங்கியவர்தான் காட்ட வேண்டும். அக்காவின் மெஷின் பதின்மூன்று மாதம் கழித்துப் பழுதானது. மேலும் அந்தச் சட்டம் விற்ற கடையை நோக்கியது, இந்தக் கடிதமோ வாரண்டி தந்த நிறுவனத்துக்கு. கையில் இரண்டு வருஷ வாரண்டி உயிரோடு இருக்கும்போது, பலம் குறைந்த ஆயுதத்தை முதலில் எடுப்பது தேவையில்லாத வேலை.

நிறுவனம் மறுபடி மறுத்திருந்தால் என்ன செய்வது என்றும் அக்காவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்து அவர்கள் வழியாகப் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் கிடையாது, இந்த அளவு சின்னத் தொகைக்கு தனிநபர் கட்டும் மனுக் கட்டணம் 10 வெள்ளி. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே போனாலும் கேட்கப்போவது இதே ஒன்பது இணைப்புகளைத்தான்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் மின்னஞ்சலில் கோப்புகளாக இணைத்தோம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் அதில் உதிர்ந்துவிடும். லேபிளின் சின்ன எழுத்து சுருங்கினால் மறுபடி B-யும் 8-உம் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் கடிதத்தில் உள்ள எண்ணையே பெயராக வைத்தோம்: `4-tear.jpg`, `6-drum-rim.jpg` என்று. படிப்பவர் படத்தைத் தேட வேண்டியிருந்தால் தேடமாட்டார்.

மே 5 அன்று அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது, மே 12 அன்று டெக்னீஷியன் வந்தார். மலேசியாவிலிருந்து தினமும் வந்துபோகும் தமிழ்ப் பையன். அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்தார், டிரம்மைத் தூக்கினார். டொக். “ஆன்ட்டி, இது பேரிங்தான்” என்றார். பிறகு வடிகட்டியைத் திறந்து பார்த்தார். கடிதத்தில் எழுதியிருந்ததால் நாங்கள் பொத்தானை அங்கேயே திரும்ப வைத்திருந்தோம். அதை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

அந்த மாடலில் பேரிங்கைத் தனியாகக் கழற்ற வராது, பின்பக்கத் தொட்டியோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். பாகம் வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அக்கா பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே இருக்கும் காசு போடும் லாண்டரிக்குப் போனார். அதற்கு ஆன செலவைக் கேட்டும் நிறுவனம் தரவில்லை, வாரண்டி அட்டையில் அது இல்லை. மே 26 அன்று பின்தொட்டி, பேரிங், சீல், கதவு ரப்பர் நான்கும் கட்டணமின்றி மாற்றப்பட்டன.

ரப்பரை மட்டும் 214 வெள்ளி கொடுத்து மாற்றியிருந்தால், தாழ்ந்த டிரம் புது ரப்பரையும் உரசியிருக்கும். சில மாதத்தில் மறுபடி கசிந்திருக்கும். அப்போது ‘ஏற்கெனவே ஒருமுறை வெளிப்பொருளால் கிழிந்தது’ என்ற பதிவும் அந்தத் தொடர் எண்ணுக்கு எதிராக இருந்திருக்கும்.

டெக்னீஷியன் கிளம்பும் முன் சர்வீஸ் அறிக்கையை வாங்கிப் படித்தேன். ‘கதவு ரப்பர் மாற்றப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. தம்பி, பேரிங் ஆட்டம் என்பதையும் எழுதிவிடுங்கள் என்றேன். மாற்றிய பாகங்களுக்கு வழக்கமாகப் பழைய வாரண்டியின் மீதி நாள்தான் கிடைக்கும். 2026 மார்ச்சுக்குள் இன்னொரு முறை கசிந்தால் இந்தத் தாள்தான் பேச வேண்டும். அவர் கதவின் மேல் தாளை வைத்து, இரண்டு வரி சேர்த்து எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். பழைய ரப்பர் ஒரு பிளாஸ்டிக் பையில் அக்காவின் ஸ்டோர் ரூமில் இருக்கிறது.